முதல் கூட்ட மினிட்ஸ் திரும்பி வந்துவிட்டது, அவசரம்

புதுச்செயலாளர்:
வணக்கம். புதுசா ஆரம்பிச்ச சங்கத்தோட முதல் கூட்ட மினிட்ஸை வங்கிக் கணக்கு தொடங்கக் கொடுத்தோம். "வரிசை சரியில்லை, தீர்மானம் 2 பார்க்க" என்று ஓரத்தில் பென்சிலில் எழுதித் திருப்பிட்டாங்க. திங்கட்கிழமைக்குள் மறுபடி கொடுக்கணும். எப்படி மாத்தி எழுதறது? மாதிரி இருந்தா போடுங்க. இதுக்கு முன்னாடி நான் மினிட்ஸ் எழுதினதில்ல.

மைக்கூடு:
தீர்மானம் 2 என்ன, 3 என்ன என்று சொல்லாமல் எப்படிச் சொல்வது? எத்தனை பேர் வந்தார்கள், யார் தலைமை, பைலா எப்போது ஏற்கப்பட்டது?

மூன்றாம்வரிசை:
எங்கள் சங்கத்துக்கும் இதே கதைதான். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர் எழுதாமல் விட்டிருந்தோம். பெயர்களைச் சேர்த்ததும் வாங்கிக்கொண்டார்கள். உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும்.

கணக்கன்:
அவர் கேட்டது வரிசை. பெயர் விஷயம் வேறு.

புதுச்செயலாளர்:
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். 1 வரவேற்பு. 2 நிர்வாகிகள் தேர்வு. 3 பைலா ஏற்பு. 4 வங்கிக் கணக்கு. 21 பேர் வந்தாங்க. தலைவர், செயலாளர் ஏகமனதா. பொருளாளருக்கு ரெண்டு பேர் நின்னாங்க, கை தூக்கினதுல 10க்கு 9. உறுப்பினர் பதிவேட்டுல 18 கையெழுத்து இருக்கு.

பழைய பேரேடு:
இது அடிப்படை. தலைவர் என்ற பதவியே பைலாவில்தான் பிறக்கிறது. பைலா இல்லாத நேரத்தில் எந்தப் பதவிக்கு ஆள் எடுத்தீர்கள்? இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் சங்கம் ஆரம்பிக்க வருகிறார்கள். பத்து வருடமாக இங்கே இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். முழுக் கூட்டத்தையும் புதிதாக நடத்துங்கள்.

மைக்கூடு:
பேரேடு சார், கொஞ்சம் பொறுங்கள். கூட்டம் அந்த வரிசையில் நடந்ததா, அல்லது எழுதும்போது மாறியதா? இரண்டுக்கும் மருந்து வேறு. புதுச்செயலாளர், அன்று நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.

புதுச்செயலாளர்:
பைலாதான் முதல்ல. ஒவ்வொரு விதியா வாசிச்சு, ரெண்டு இடத்துல திருத்தி, கை தூக்கி ஏத்துக்கிட்டோம். ஒரு மணி நேரம் ஆச்சு. அப்புறம்தான் தேர்வு. எழுதறப்போ தலைவர் பேர் மேல வரட்டும்னு மரியாதைக்காக அதை முன்னாடி வெச்சேன்.

கணக்கன்:
அப்படியென்றால் கவலையே இல்லை. அடுத்த கூட்டம் ஒப்புக்கொள்ளும் வரை மினிட்ஸ் வரைவுதான். எண்களை மாற்றித் தட்டச்சு செய்து, புதிதாகக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய பேரேடு:
கையெழுத்திட்டு வெளியே போன தாளை மாற்றித் தட்டச்சா? அதற்குப் பெயர் வேறு. பழைய வரியை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் சுருக்கொப்பமும் போட வேண்டும். அடித்தது படிக்கத் தெரிய வேண்டும்.

கணக்கன்:
நீங்கள் சொல்வது கட்டுப் போட்ட மினிட் புக்குக்கு. தனித்தாளில் அடித்தல் திருத்தல் இருந்தால் வங்கியே வாங்காது.

பழைய பேரேடு:
தனித்தாளில் மினிட்ஸ் எழுதியதே முதல் தவறு. பக்க எண் போட்ட புத்தகம் எதற்கு இருக்கிறது?

மூன்றாம்வரிசை:
தனித்தாளில் எழுதிப் புத்தகத்தில் ஒட்டினால் செல்லுமா? நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பழைய பேரேடு:
ஒட்டியதைப் பிரிக்கலாம் அல்லவா? ஒட்டிய ஓரத்தின் மேலே பாதி, பக்கத்தின் மேலே பாதி விழும்படி கையெழுத்துப் போடுங்கள்.

மைக்கூடு:
புத்தகச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். வரிசை விஷயத்தில் கணக்கன் சொல்வது பெரும்பாலும் சரி. நடந்தது ஒன்று, எழுதியது ஒன்று என்றால் எழுத்தைத் திருத்தலாம். பழைய தாளைக் கிழிக்காமல் "திருத்தப்பட்டது" என்று குறித்துக் கோப்பில் வையுங்கள். அடுத்த கூட்டத்தில் திருத்தத்தை வாசித்து ஒப்புதல் வாங்குங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. பொருளாளருக்கு 10, 9. கூட்டினால் 19. பதிவேட்டில் 18. உங்கள் பைலாவில் யார் உறுப்பினர்? கையெழுத்து எப்போது வாங்கினீர்கள்?

புதுச்செயலாளர்:
"பதிவேட்டில் கையொப்பமிட்டவரே உறுப்பினர்"னு இருக்கு. கையெழுத்து கூட்டம் முடிஞ்சு கிளம்பறப்போ வாங்கினோம். மூணு பேர் போடாமலே போயிட்டாங்க. இதை யோசிக்கவே இல்ல.

மைக்கூடு:
இதைப் பேனாவால் சரிசெய்ய முடியாது.

21 பேரில் 19 பேர் கை தூக்கியிருக்கிறார்கள், இருவர் தூக்கவில்லை. அந்த இருவருமே கையெழுத்துப் போடாத மூவரில் இருந்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும், மிச்சமுள்ள ஒருவர் உறுப்பினராகாமல் வாக்களித்திருக்கிறார். வித்தியாசம் ஒரே ஒரு வாக்கு. அந்தக் கை 10 பக்கம் இருந்திருந்தால், அதைக் கழித்தால் 9க்கு 9. யார் கை எந்தப் பக்கம் என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது. தலைவர், செயலாளர் தேர்வில் எதிர்ப்பே இல்லாததால் ஓரிரு கை கூடக்குறைய இருந்தாலும் முடிவு மாறாது. பொருளாளர் தேர்வு நிற்காது.

பைலாவை ஏற்றதும் கூட்டத்தைக் கால் மணி நேரம் நிறுத்தி, உறுப்பினராக விரும்புகிறவர்களிடம் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். பிறகு அந்த எண்ணிக்கையைச் சொல்லித் தேர்வைத் தொடங்கியிருக்க வேண்டும். மினிட்ஸில் இரண்டு வரி போதும்:

"துணைவிதிகள் திருத்தங்களுடன் ஏற்கப்பட்டன. கையொப்பத்துக்காகக் கூட்டம் 5.10க்கு நிறுத்தப்பட்டு 5.25க்குத் தொடர்ந்தது, 18 பேர் உறுப்பினராயினர்."

ஆனால் உங்கள் கூட்டத்தில் இது நடக்கவில்லை. அதனால் நீங்கள் இந்த வரிகளை எழுதக் கூடாது.

பழைய பேரேடு:
சரியாகப் பார்த்தால் தேர்வு நடந்த நிமிடத்தில் ஒருவர்கூட உறுப்பினர் இல்லை. மூன்று தேர்வுமே போச்சு.

கணக்கன்:
அன்றே கையெழுத்திட்ட 18 பேரைத் தொடக்கத்திலிருந்தே உறுப்பினராகக் கொள்வதுதான் நியாயம். இல்லையென்றால் கிளம்பும் நேரத்தில் கையெழுத்து வாங்கிய எந்தச் சங்கத்துக்கும் நிர்வாகிகளே இருக்க மாட்டார்கள்.

மைக்கூடு:
இதில் உங்கள் இருவருக்கும் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. தலைவர், செயலாளர் தேர்வை அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் உறுதிசெய்துவிட்டால் எந்தப் பக்கத்துக்கும் கேள்வி இராது. பொருளாளருக்கு மட்டும் புதிதாக வாக்கெடுப்பு, இந்த முறை பதிவேட்டைப் பார்த்துச் சீட்டுக் கொடுத்து. தோற்றவருக்கும் ஜெயித்தவருக்கும் இன்றே காரணத்தைச் சொல்லிவிடுங்கள், நோட்டீஸில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

மூன்றாம்வரிசை:
ஞாயிற்றுக்கிழமையே ஒரு கூட்டம் போட்டு முடித்துவிட்டால் திங்கட்கிழமை கொடுத்துவிடலாமே?

மைக்கூடு:
பைலா அமலில் இருக்கிறது. முதல் கூட்டத்துக்கு அழைப்பு விதி கிடையாது, இரண்டாவது கூட்டத்துக்கு உண்டு. புதுச்செயலாளர், எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பாருங்கள். குறைத்துக் கூட்டினால் அந்தக் கூட்டத்தின் மேலும் கேள்வி வரும்.

இன்னொன்று, அன்று தேர்வு முடியும் வரை யார் தலைமை? மினிட்ஸில் தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தால், கூட்டம் தொடங்கும்போது அவர் தலைவரே இல்லை.

புதுச்செயலாளர்:
பெரியவர் ஒருத்தரை உட்கார வெச்சோம், பேரு எழுதல. தற்காலிகத் தலைவர்னு சேர்த்துக் கையெழுத்து வாங்கறேன். முன்னறிவிப்பு 10 நாள்.

பழைய பேரேடு:
அப்போ திங்கட்கிழமை இல்லை. வங்கியில் போய் நேராகச் சொல்லுங்கள், அதுதான் மரியாதை.

புதுச்செயலாளர்:
சொல்லிட்டேன், பிறகு கொண்டுவரச் சொன்னாங்க. ரெண்டு வேட்பாளர்கிட்டயும் பேசிட்டேன். ஒருத்தர் வருத்தப்பட்டார், ஆனா ஒத்துக்கிட்டார். நோட்டீஸ் இன்னிக்குப் போகுது. எல்லாருக்கும் நன்றி.

கணக்கன்:
ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அன்று வாங்கிய சந்தா யாரிடம் இருக்கிறது? ரசீதில் யார் கையெழுத்து?