நிலாவின் வீட்டுப்பாடம்: ‘நட’

கவிதா (டொராண்டோ): பெரியம்மா, நிலாவுக்குத் தமிழ் வகுப்பில் ‘நட’ என்பதை மூன்று காலத்திலும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நடந்தேன், நடகிறேன், நடவேன் என்று எழுதியிருக்கிறாள். பின்னிரண்டும் தப்பு என்று காதுக்குத் தெரிகிறது. ஏன் என்று எப்படிச் சொல்வது?

செல்வம் மாமா: நிகழ்காலத்துக்கு ‘கிறு’, எதிர்காலத்துக்கு ‘வ்’. அப்புறம் நான் என்றால் ஏன், நாங்கள் என்றால் ஓம், அவள் என்றால் ஆள். செய்கிறேன், செய்வேன், அவ்வளவுதான்.

அம்மாச்சி: நடவா? நாற்று நட்டேன், நடுகிறேன், நடுவேன். பிள்ளைக்கு இதைச் சொல்லு.

பெரியம்மா: அம்மா, அது ‘நடு’. இவள் கேட்பது காலால் நடப்பது. ஆனால் நல்ல ஜோடி கிடைத்தது. கவிதா, இரண்டிலும் ‘வேண்டும்’ சேர்த்துச் சொல்லச் சொல். நாற்று நட வேண்டும், பள்ளிக்கு நடக்க வேண்டும். ‘க்க’ வந்தால் நிகழ்காலத்தில் ‘க்கிறு’, எதிர்காலத்தில் ‘ப்ப்’: நடக்கிறேன், நடப்பேன். வராவிட்டால் பெரும்பாலும் தம்பி சொன்னதுதான்: நடுகிறேன், நடுவேன். உண்பேன், தின்பேன் மாதிரி சில தனி.

கவிதா: ‘தூக்க வேண்டும்’ என்கிறோமே, அப்போது தூக்கிறேனா என்று கேட்கிறாள்.

பெரியம்மா: கெட்டிக்காரி! கட்டளையாகச் சொல்லிப் பார்க்கட்டும். ‘தூக்கு’ என்னும்போதே அந்தக் ‘க்க்’ இருக்கிறது, அது வினைக்கே சொந்தம். அதனால் தூக்குகிறேன், தூக்குவேன். ‘நட’ என்று ஏவும்போது அது இல்லை, ‘நடக்க’ என்னும்போதுதான் வந்து சேர்கிறது.

செல்வம் மாமா: அக்கா, இறந்தகாலத்துக்கும் இதே வழியா? படிக்க, நடக்க ஒரே மாதிரிதானே.

பெரியம்மா: அங்கே இது உதவாது. படித்தேன், நடந்தேன் என்று பிரிந்துவிடும். புது வினை ஒன்றைக் கற்கும்போதே இறந்தகாலத்தையும் சேர்த்துச் சொல்லிப் பழக வேண்டியதுதான். ஒன்று தெரிந்தால் நடந்தாய், நடந்தீர்கள், நடந்தார்கள் என்று மற்றவை தானாக வரும்.

கவிதா: ‘நாளை மாடு நடப்பது’ என்றும் எழுதியிருக்கிறாள்.

பெரியம்மா: ‘நடக்கும்’ என்று மாற்றச் சொல். எதிர்காலத்தில் அது, அவை இரண்டுக்கும் அதேதான். மற்ற காலங்களில் பிரியும்: மாடு நடந்தது, மாடுகள் நடந்தன, மாடு நடக்கிறது, மாடுகள் நடக்கின்றன. அந்தக் கடைசியில் ‘கிறு’ போய் ‘கின்று’ வருவதைப் பார்.

அம்மாச்சி: நாங்கள் மாடுங்க நடக்குது என்றுதான் சொல்வோம்.

பெரியம்மா: பேச்சில் நானும் அப்படித்தான் அம்மா. எழுதும்போது மட்டும் நடக்கின்றன.

செல்வம் மாமா: ‘நடப்பன’ என்று எழுதலாமே?

பெரியம்மா: பழைய நடையில் உண்டு. வகுப்பில் ஏற்பார்களா என்று அவளுடைய ஆசிரியரிடமே கேள், கவிதா.

கவிதா: கேட்கிறேன். இப்போது ‘கொடு’ எழுதுகிறாள். கொடுக்கிறேன், கொடுப்பேன் சரியாக வந்துவிட்டது. இறந்தகாலத்தில்தான் ‘கொடுந்தேன்’ என்கிறாள்.

அம்மாச்சி: கொடுத்தேன்!