உயர்தரத்துக்கு 7 நாள்: கடைசி வினாத்தாளை எப்போது செய்வது?

திருகோணமலை உவர்மலையில் இருக்கிறோம். தங்கச்சி உயர்தரம், உயிரியல் பிரிவு. பௌதிகவியல் பகுதி 1 தான் சிக்கல்: 50 பல்தேர்வு, 2 மணித்தியாலம். போன மாதம் 38 சரி. இந்தக் கிழமை தினம் ஒரு கடந்தகால வினாத்தாள் செய்து 33க்கு இறங்கிவிட்டாள்.

பிழைகளை எண்ணிப் பார்த்தேன். முதல் 30இல் நாலுதான், மிச்சம் 13உம் கடைசி 20இல். அதிலும் பாதி தெரிந்த கணக்கு. சென்ரிமீற்றரை மீற்றராக்க மறந்திருக்கிறாள். செய்வது இரவு 10 மணிக்கு, படுக்க 1 மணி.

காலை 8க்கு மாற்றினோம், 36 வந்தது. ஆனால் திருத்தி முடிக்கவே மத்தியானமாகிறது, இரசாயனவியல் மீட்டல் அப்படியே கிடக்கிறது. திருத்தாமல் விட்டும் பார்த்தோம். வில்லைக் கணக்கில் அதே குறிப் பிழை மறுநாளும்.

இந்த 7 நாளில் எத்தனை முழுத்தாள் செய்து, எந்த நாளோடு நிறுத்தினீர்கள்?