கலைச்சொல் விவாதம்: "பிளானிங் ஏரியா"வுக்கு என்ன சொல்லலாம்?

தமிழரசி, ஈரோடு:
நகரமைப்புக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். மாநகராட்சியின் எல்லை ஒன்று, "பிளானிங் ஏரியா" எனப்படும் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை வேறு. இரண்டாவதைப் "பெருநகர்ப் பகுதி" என்று எழுதினேன். படித்துப் பார்த்த தோழி, "மாநகரும் பெருநகரும் ஒண்ணுதானே?" என்று கேட்டுவிட்டாள். "திட்ட எல்லை" என்று போடலாமா?

சரவணன், திருப்பூர்:
எதுக்குங்க இவ்வளவு குழப்பம்? குழுமம்னா மாநகராட்சிக்கு மேலே உட்கார்ந்திருக்கிற பெரிய மாநகராட்சி. சென்னையில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைக் கட்டியதே அதுதானே. இப்போது கோவை, திருப்பூருக்கும் குழுமம் அறிவிச்சிருக்காங்க. இனிமேல் சாக்கடை, ரோடு எல்லாம் அவங்க பொறுப்பு. "பேரெல்லை" போதும்.

கிருஷ்ணவேணி, கோவை:
கிளாம்பாக்கம் சரிதான் தம்பி, கோயம்பேடு சந்தையும் அவர்கள் கட்டியதுதான். ஆனால் குப்பை அள்ளுவதும் சொத்துவரி வாங்குவதும் குழுமத்தின் வேலை இல்லை. அது மாநகராட்சிக்கு மேலதிகாரியும் இல்லை. மாநகராட்சிக்கு மக்கள் தேர்ந்தெடுத்த மாமன்றமும் மேயரும் உண்டு. குழுமம் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் அரசு நியமிக்கும் அமைப்பு. எந்த நிலத்தில் வீடு, எதில் ஆலை, எது விவசாயம் என்று முழுமைத் திட்டத்தில் வரையறுத்து, அதன்படி திட்ட அனுமதி தருவதுதான் அதன் முதன்மை வேலை.

பரப்பைப் பாருங்கள். சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். குழுமத்தின் பகுதி நெடுங்காலம் 1,189 ஆக இருந்தது; 2022-இல் அதை 5,904 ஆக விரிக்க அரசு ஆணையிட்டது. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எல்லாம் அதற்குள் வரும். அவை கலைந்துவிடுவதில்லை, வரி, விளக்கு, தண்ணீரெல்லாம் அவற்றிடமே இருக்கும்.

நம்மூரில் இன்னும் தெளிவாகத் தெரியும். 2011-இல் காளப்பட்டி, வடவள்ளி, துடியலூர் எல்லாம் கோவை மாநகராட்சியில் சேர்ந்தன. சுமார் 105 சதுர கிலோமீட்டர் 257 ஆயிற்று. வரிச்சீட்டில் பெயர் மாறியது, வார்டு வந்தது. காளப்பட்டிக்காரரின் நில வகைப்பாடு மட்டும் அன்றைக்கு மாறவில்லை. இங்கே அதே வேலையைச் செய்துவந்த உள்ளூர் திட்டக் குழுமத்துக்காக 1994-இல் ஒப்புதலான முழுமைத் திட்டம் மாநகராட்சியைத் தாண்டிய ஊர்களையும் முன்பே உள்ளடக்கியிருந்தது. இரண்டு எல்லைகளும் தனித்தனியே நகரும் என்பதை நாம் தேடும் சொல் காட்ட வேண்டும். பெரிது, சிறிது என்பது அதற்கப்புறம்.

பழனிச்சாமி, சூலூர்:
அம்மா, வார்த்தை கிடக்கட்டுங்க. எனக்கு 3 ஏக்கர் தென்னந்தோப்பு, மனை பிரிக்கலாம்னு இருக்கேன். மாநகராட்சியில கேட்டா "எங்க எல்லையில்ல"ங்கறாங்க. ஊராட்சியில தீர்மானம் போட்டுத் தர்றோம்ங்கறாங்க. தீர்மானம் இருந்தாப் போதுமுங்களா?

கிருஷ்ணவேணி:
போதாதுங்க அண்ணா. அப்படி "ஊராட்சி அப்ரூவல்" என்று விற்ற மனைகள்தான் 2016-இல் பத்திரப்பதிவு நின்று, அடுத்த வருடம் வரன்முறைத் திட்டத்துக்கு வரிசையில் நின்றன. முதலில் உங்கள் சர்வே எண் முழுமைத் திட்டத்தில் எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். விவசாயம் என்றிருந்தால் நில உபயோக மாற்றம் வாங்காமல் அடுத்த படி கிடையாது. பிறகு மனைப்பிரிவு வரைபடத்துக்குத் திட்டக் குழுமத்தின் தொழில்நுட்ப ஒப்புதல். 3 ஏக்கர் 12,000 சதுர மீட்டரைத் தாண்டும். பத்தாயிரத்துக்கு மேல் போனால் சாலை போக மீதியில் 10 சதவீதம் பூங்காவுக்கு விட வேண்டும். அந்த இடத்தையும் சாலைகளையும் தானப்பத்திரமாக எழுதிக் கொடுத்த பிறகு, இறுதி ஒப்புதல் தருவது ஊராட்சிதான். ஆக ஊராட்சிக்கு வேலை இருக்கிறது, கடைசியில். தீர்மானத்தை முதலில் காட்டினால் உஷாராகிவிடுங்கள்.

பழனிச்சாமி:
அப்ப பூங்கா இடம் குழுமத்துக்குப் போயிருங்களா?

கிருஷ்ணவேணி:
இல்லைங்க, உங்கள் ஊராட்சியின் பெயருக்கு. பராமரிப்பதும் அவர்கள் பாடு.

தமிழரசி:
பழனிச்சாமி அண்ணன் கேட்டது நல்லதாகப் போயிற்று. "திட்ட எல்லை" எனக்கே இப்போது இடிக்கிறது. மேம்பாலத் திட்டம், குடிநீர்த் திட்டம் என்று எல்லாமே திட்டம். ஏதோ ஒரு பணி நடக்கும் இடம் என்று படிப்பார்கள். சட்டத்தின் பெயரிலேயே "ஊரமைப்பு" இருக்கிறதே. ஊரமைப்பு எல்லை என்று இதையும், ஆட்சி எல்லை என்று மாநகராட்சி, ஊராட்சி எல்லையையும் குறிக்கலாமா?

சரவணன்:
"ஊராட்சி எல்லை", "ஊரமைப்பு எல்லை" - வேகமாப் படிச்சா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது. "நிலவமைப்பு எல்லை" பாருங்க.

கிருஷ்ணவேணி:
நிலவமைப்பு என்றால் மேடு பள்ளம் பற்றிய பேச்சாகிவிடும். என் வாக்கு ஊரமைப்பு எல்லைக்கு. ஆனால் "ஆட்சி எல்லை"யில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. வருவாய் வட்டமும் ஒரு ஆட்சி எல்லைதான். "உள்ளாட்சி எல்லை" என்றால் மாநகராட்சியிலிருந்து ஊராட்சி வரை அடங்கும், தாசில்தார் உள்ளே வரமாட்டார்.

தமிழரசி:
உள்ளாட்சி எல்லையை எடுத்துக்கொள்கிறேன். ஊரமைப்பு எல்லையை இந்தக் கட்டுரையில் போட்டுப் பார்க்கிறேன். சரவணன் சொன்ன குழப்பம் அச்சுப்படியில் வந்தால் திரும்ப இங்கேயே கேட்பேன்.