நிலத்தை எந்த மதிப்பில் காட்டுவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். டர்பனில் எங்கள் சங்கத்தின் கணக்குகளை நான் பார்த்து வருகிறேன். 1988இல் 40,000 ராண்டுக்கு வாங்கிய நிலம் ஐந்தொகையில் இன்றும் அதே தொகையில்தான் நிற்கிறது. ரசீது இருக்கிறது, யாரும் சரிபார்க்கலாம். ஆனால் அந்த நிலத்தை அடமானம் வைத்து மண்டபம் கட்டலாமா என்று யோசிக்கும் உறுப்பினர்களுக்கு இன்றைய மதிப்புதான் பொருத்தமான தகவல். தரகர் ஒருவர் 15 லட்சம் என்று வாய்வார்த்தையாகச் சொல்கிறார். அதை அப்படியே எழுதினால் நம்பகமாகாது. மதிப்பீடு என்று குறிப்பிட்டு, கணக்கிட்ட முறையையும் சொன்னால்தான் உண்மைநிலையைக் காட்டியதாகும்.

இந்த ஆண்டு மட்டும் தொகையை மாற்றினால் சென்ற ஆண்டோடு ஒப்பிடவும் முடியாது. எனவே வாங்கிய விலையை அப்படியே வைத்து, தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் தரும் தொகையை எளிய தமிழில் ஒரு குறிப்பாகச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். இப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? அந்தக் குறிப்பை எப்படி எழுதினீர்கள்?