புதுப்பிப்பு: வேலையை விட்டபின் நிறுத்தப்பட்ட விற்பனைக் கமிஷன்

நான் கேட்டது: "காலாண்டு நடுவில் இலக்கை 40 லட்சத்திலிருந்து 55 லட்சமாக உயர்த்தினார்கள். ஏப்ரல் 10-இல் விலகினேன். பணம் தரும் நாளான 30-ஆம் தேதி நான் பணியில் இல்லை என்று கமிஷனை மறுக்கிறார்கள். மறுக்கலாமா?"

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பெரும்பகுதி கிடைத்துவிட்டது.

பலித்தது, மனிதவளத் துறையில் இருந்தவர் சொன்ன வழி: கமிஷன் எப்போது ஈட்டப்படுகிறது, எப்போது வழங்கப்படுகிறது என்று திட்ட ஆவணத்தில் தனித்தனியாகத் தேடுங்கள் என்றார். வாடிக்கையாளர் பணம் வந்ததும் 2 சதவீதம் ஈட்டப்பட்டதாக எங்கள் ஆவணம் சொல்கிறது. 30-ஆம் தேதி வெறும் பட்டுவாடா நாள். பணியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஆண்டு போனஸ் பகுதியில்தான் இருந்தது. இலக்கு மாற்றமும் அடுத்த காலாண்டிலிருந்தே செல்லும் என்று அதிலேயே இருந்தது. இவ்விரு பத்திகளையும் மேற்கோள் காட்டி மின்னஞ்சல் அனுப்பினேன்.

மார்ச் இறுதிவரை வசூலானது 46 லட்சம். எதிர்பாராத விதமாக, ஒரு வாடிக்கையாளர் திருப்பிய 1 லட்சம் ரூபாய்ச் சரக்கைக் கழித்தார்கள். அதற்கும் ஆவணத்தில் இடமிருந்தது. ஆக 90,000 ரூபாய், வரிப் பிடித்தம் போக வந்தது.

"விலகியவரின் கமிஷனில் கைவைக்கவே முடியாது" என்ற நண்பர் பாதி சரி. ஈட்டியதற்குத்தான் அது பொருந்தும். காப்பீட்டு முகவரின் புதுப்பிப்புக் கமிஷனைக் கேட்டவருக்கு இது உதவாது, அவர் ஊழியர் அல்லர்.

நான் விற்று, மே மாதம் வசூலான 9 லட்சத்துக்குரிய 18,000 ரூபாயை மறுத்துவிட்டார்கள். சிவில் வழக்குக்கு 3 ஆண்டு அவகாசம் இருப்பதால், வழக்கறிஞரிடம் ஆவணத்தைக் கொடுத்திருக்கிறேன்.