17 கோலுக்குப் பிறகு “இனி வேண்டாம் தம்பி” என்று சொன்ன அனுபவம்

காரைதீவு கணக்கு:
சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி மில்லில் கணக்கும் கொள்வனவும் என் பொறுப்பு. போன ஐப்பசியில் கலர் சோட்டர் மெசினுக்கு ஒரு கொழும்புக் கொம்பனியிடம் கொட்டேசன் கேட்டோம். வந்த ரெப் தம்பி நல்ல பிள்ளை. எங்கள் அரிசியில் ஒரு பிடி எடுத்து மேசையில் பரப்பி, கறுத்த மணியையும் பழுப்பையும் விரலால் ஒதுக்கிக் காட்டி, இதைத்தான் கமரா பார்க்கும், காற்று தட்டிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு முதலாளி கணக்குப் பார்த்தார். மெசினோடு கொம்பிரசரும் வாங்க வேண்டும், அதை வைக்க இடமில்லை, இருக்கிற மின் இணைப்பும் தாங்காது. வேண்டாம் என்று முடிவாயிற்று.

அந்த முடிவை நான் தம்பியிடம் சொல்லவில்லை. “பார்ப்போம், போகம் முடியட்டும்” என்றேன். அதிலிருந்து கோல்தான். முதலில் “மிஸ்” என்றவர், நாலாவது கோலில் “அக்கா” என்றார். அக்கா என்று கூப்பிட்ட பிள்ளையிடம் எப்படி வெட்டிப் பேசுவது? பெரும்போக அறுவடை நேரம், வாசலில் நெல் லொறிகள் வரிசையாக நிற்க, ஒரு கையில் ஈரப்பதம் பார்க்கிற மீற்றரோடு நிற்கிறேன், போன் அடிக்கிறது. “அக்கா, ஒரு முடிவு மட்டும் சொல்லுங்க.” தப்பிக்க “விலை கூட” என்றுவிட்டேன். இரண்டாம் நாள் விலை குறைத்துப் புதுக் கொட்டேசன் வந்துவிட்டது. தைப்பொங்கல் வாழ்த்தும் மெசின் படத்தோடுதான் வந்தது. எண்ணிப் பார்த்தேன், கோலும் வட்ஸ்அப்புமாக 17 தடவை. அவர் மனம் நோகாமல் நிறுத்த வேண்டும். உங்களில் யாராவது இப்படி நிறுத்தியிருந்தால் எப்படிச் சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.

வாழைச்சேனை ஹார்ட்வெயார்:
இலக்கத்தை ப்ளொக் பண்ணுங்கள், வேலை முடிந்தது. நான் அப்படித்தான் செய்கிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஒருமுறை வேண்டாம் என்ற பிறகு கோல் எடுத்தால் அதைக் காட்டிப் பேசலாம்.

கல்லடி முன்னாள் ரெப்:
தண்ணீர்ப் பம்பி விற்று 11 வருடம் மட்டக்களப்பு, அம்பாறை முழுக்க அலைந்தவன் நான். ஹார்ட்வெயார் அண்ணன் சொன்ன சட்டம் இருப்பது உண்மை. ஆனால் அது மனிதர்களின் தனிப்பட்ட தரவைப் பற்றியது. மில்லின் ஒபிஸ் போனுக்கு வரும் கோலுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. இன்னொன்று, தங்கச்சி இதுவரை “வேண்டாம்” என்று சொல்லவே இல்லையே.

ப்ளொக் பண்ணினால் என்ன நடக்கும் தெரியுமா? போன் வேலை செய்யவில்லை என்று நினைத்து ரெப் முதலாளியின் இலக்கத்தைத் தேடுவார். நானும் தேடியிருக்கிறேன்.

எங்கள் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். மாதக் கடைசியில் மனேஜர் ஒவ்வொரு கொட்டேசனாகக் கேட்பார். அது ஒன்றில் விற்றதாக இருக்க வேண்டும், அல்லது காரணத்தோடு மூடியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கோல் எடுக்கும் திகதி இருக்க வேண்டும். “பார்ப்போம்” என்று நீங்கள் சொன்னதும் நான் ஒரு திகதி எழுதுவேன். “போகம் முடியட்டும்” என்றால் மாசிக் கடைசி என்று எழுதுவேன். “விலை கூட” என்றால் மனேஜரிடம் போய்க் கழிவு கேட்பேன், அது எனக்கு நல்ல செய்தி. உங்களுக்கு மறுப்பாகப் படுகிற சொல் எல்லாம் எங்களுக்குத் திகதிதான். தெளிவாக மூடினால் அந்தத் தம்பிக்கும் ஒரு வரி குறையும், அந்த நேரத்தில் வேறு மில்லுக்குப் போவார். அவருக்குப் பாரம் நீங்கள் இழுப்பதுதான்.

காத்தான்குடி துணிக்கடை:
எனக்கும் இதே கரைச்சல்தான், காக்கா. ஆனால் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என் மாமி மகன். கடைக்கு வந்து இருந்துவிடுவார், தேத்தண்ணி குடிப்பார், போர்மை மேசையில் வைப்பார். நாலு வருடமாக இது நடக்கிறது. எழுத்தில் “இனி வராதீங்க” என்று அனுப்பினால் அடுத்த கலியாண வீட்டில் முகம் பார்க்க முடியுமா?

கல்லடி முன்னாள் ரெப்:
அது வேறு கதை, தம்பி. அங்கே மூட வேண்டியது போர்மை மட்டும், மச்சானை அல்ல. எனக்கே என் சொந்தத்திடம் அது சரிவரவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்ல என்னிடம் வழியில்லை.

மட்டக்களப்பு டவுன் வரவேற்பு:
நான் ஒரு தனியார் கிளினிக்கில் போன் எடுக்கிறவள். “டொக்டர் வெளிநாட்டில்” என்று சொல்லிப் பழகினோம். அந்தக் கொம்பனிப் பிள்ளை மாதா மாதம் “டொக்டர் வந்துட்டாரா மிஸ்?” என்று எட்டு மாதம் கேட்டார். பொய் சொல்லிவிட்டு அவர் குரலைக் கேட்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அக்கா, பொய்க் காரணம் மட்டும் சொல்லாதீர்கள்.

காரைதீவு கணக்கு:
அண்ணன் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். இதை அனுப்பலாமா?

“வணக்கம் தம்பி. மன்னிக்கவும், கலர் சோட்டர் மெசின் இந்த வருடம் வாங்குவதில்லை என்று முதலாளி முடிவெடுத்திருக்கிறார். இடமும் மின்சாரமும் போதாது. தயவுசெய்து இனிக் கோல் எடுக்க வேண்டாம். நன்றி.”

கல்லடி முன்னாள் ரெப்:
நல்லது, இரண்டு இடம் மாற்றுங்கள். “இந்த வருடம்” என்பதை எடுங்கள். அது இருந்தால் வருகிற தை மாதம் முதல் கிழமையே கோல் வரும். “மின்சாரம் போதாது” என்றால் சின்ன மெசின் இருக்கிறது என்பார். காரணம் விலை அல்ல என்று மட்டும் சொன்னால் போதும், அவருக்கு மூட அது காணும். எந்த இலக்கங்கள் என்றும் எழுதுங்கள். முடிவு முதலாளியுடையது என்று வைத்தது மிகச் சரி, அக்கா-தம்பி உறவு அப்படியே இருக்கும். கோலில் சொல்லாதீர்கள், எழுத்தில் அனுப்புங்கள். அவர் அதை அப்படியே மனேஜருக்குக் காட்டலாம்.

காரைதீவு கணக்கு:
நேற்று அனுப்பியது இது:

“வணக்கம் தம்பி. கலர் சோட்டர் மெசின் வாங்குவதில்லை என்று முதலாளி முடிவெடுத்துவிட்டார். விலை காரணம் அல்ல, அதனால் புதுக் கொட்டேசன் தேவைப்படாது. உங்கள் கொம்பனிப் பதிவில் எங்கள் மில்லை மூடிவிடுங்கள். என் இலக்கத்துக்கும் ஒபிஸ் இலக்கத்துக்கும் இனிக் கோலோ மெசேஜோ வேண்டாம். தேவை வந்தால் நாங்களே பேசுவோம். முன்பே தெளிவாகச் சொல்லாதது என் பிழை. நீங்கள் வந்து விளக்கியதற்கு நன்றி.”

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “வேற கொம்பனியில எடுத்துட்டீங்களா அக்கா?” எனக்கு விளக்கம் எழுதக் கை போனது.

கல்லடி முன்னாள் ரெப்:
அதற்கு ஒரு வரி மட்டும். “இல்லை தம்பி, முடிவு அதுதான்.” அதற்கு மேல் வந்தால் பதில் எழுதாதீர்கள். பதில் வந்தால் பேச்சு இன்னும் நடக்கிறது என்றுதான் ரெப் எடுப்பார்.

வாழைச்சேனை ஹார்ட்வெயார்:
அதற்கும் கேட்காவிட்டால்?

கல்லடி முன்னாள் ரெப்:
இதே மெசேஜை அவருடைய மனேஜருக்கு ஒரு முறை அனுப்பலாம், குற்றம் சொல்லாமல். அதற்குப் பிறகு நீங்கள் சொன்ன ப்ளொக்.

காரைதீவு கணக்கு:
மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். தம்பி அன்றே “சரி அக்கா, மூடிட்டன்” என்று போட்டார், பிறகு கோல் இல்லை. ஆனால் இன்று காலை அதே கொம்பனியின் கல்முனைக்குப் புதிதாக வந்த ரெப் ஒருவர் ஒபிஸ் போனுக்கு எடுத்து, எங்களிடம் என்ன மெசின் இருக்கிறது என்று முதலிலிருந்து கேட்டார். பழைய மெசேஜை அனுப்ப அவருடைய வட்ஸ்அப் இலக்கத்தைக் கேட்டிருக்கிறேன்.