வேலை முடிந்த நாளும் பில் போன நாளும்

கொழிஞ்சாம்பாறை, கணக்கர்:
கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் பழுதுபார்த்துத் தரும் ஒரு பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன். கையில் பணம் நிற்பதில்லை என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்ததால், ஒவ்வொரு வேலைக்கும் சர்வீஸ் ரிப்போர்ட்டில் உள்ள முடிந்த தேதியையும் பில் தேதியையும் அருகருகே எழுதிப் பார்த்தேன். நிலுவைப் பட்டியல் பில் தேதியிலிருந்து நாளை எண்ணுவதால், பில் போடாத வேலை அதில் தலைகாட்டுவதே இல்லை. நாள்களை மட்டும் சராசரி எடுத்தபோது 5 வந்தது. ஒவ்வொரு தொகையையும் அதன் நாளால் பெருக்கிக் கூட்டி, மொத்தத் தொகையால் வகுத்தபோது 12 வந்தது. சில்லறை வேலைக்கு அன்றே பில் போகிறது, பெரிய வேலைதான் கிடக்கிறது. மாதம் 6 லட்சம் ரூபாய்க்கு வேலை நடந்தால், 12 நாளுக்கு 2,40,000 ரூபாய் எப்போதும் முடங்கிக் கிடக்கும். அந்தத் தொகையை வங்கி ஓவர்டிராஃப்டில் 12 சதவீத வட்டிக்கு எடுத்துச் செம்புக் கம்பி வாங்கினால், ஆண்டுக்கு 28,800 ரூபாய் வட்டிக்கே போய்விடும்.

கோபாலபுரம், ஹார்டுவேர் கடை:
எனக்கும் இதே தொல்லைதான். பில் கொடுத்து இரண்டு மாதமாகியும் ஒரு கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை.

கொழிஞ்சாம்பாறை, கணக்கர்:
அண்ணா, உங்களுடையது பில்லுக்குப் பிந்தைய தாமதம். நான் சொல்வது அதற்கு முந்தையது; அது முழுக்க நம் பக்கத்தில் நடப்பது.

வேலந்தாவளம், ஃபேப்ரிகேஷன்:
சேவைக்கு 30 நாளுக்குள் பில் போட ஜிஎஸ்டி சட்டமே இடம் தருகிறது. மாதக் கடைசியில் போடாமல் 1ஆம் தேதி போட்டால் வரி கட்டுவதும் ஒரு மாதம் தள்ளிப் போகும், ஆகவே லாபம்தானே?

வாளையார், ஓய்வுபெற்ற ஆலைக் கொள்முதல் அலுவலர்:
வரி தள்ளிப்போவது உண்மைதான். ஆனால் ஒரு லட்ச ரூபாய் வேலையில் 18,000 ரூபாயைச் சில வாரம் வைத்திருப்பதற்காக 1,18,000 ரூபாயை அல்லவா தள்ளிப்போடுகிறீர்கள்? நான் வேலை பார்த்த ஆலையில் 10, 25 ஆகிய தேதிகளில் மட்டும் பணம் விடுவிப்போம். ஒரு நாள் பிந்திய பில் அடுத்த முறைக்கு, அதாவது பதினைந்து நாளுக்குத் தள்ளப்படும். சிறுதொழில்களுக்குப் பணம் தருவதற்கான 45 நாள் வரம்பு, வேலையை ஏற்ற நாளிலிருந்து எண்ணப்படுவது. எங்கள் கணக்குப் பிரிவோ பில் கைக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ணும், அதை எதிர்த்து எழுதிய சப்ளையரை நான் கண்டதில்லை. கணக்கர் ஐயா, அந்த 12 நாளையும் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: வேலை முடிந்ததிலிருந்து ரிப்போர்ட்டில் ஆலையின் கையெழுத்து வாங்கும்வரை, கையெழுத்திலிருந்து பில் போடும்வரை.

கொழிஞ்சாம்பாறை, கணக்கர்:
பிரித்துப் பார்த்தேன், ஐயா. பெரிய வேலைகளில் 9 நாள் கையெழுத்துக்கே போகிறது. மோட்டாரை ஓடவிட்டதும் நம் ஆள் கிளம்பிவிடுகிறார். ரிப்போர்ட் பிறகு யாராவது அந்தப் பக்கம் போகும்போதுதான் வருகிறது. இப்போது கையெழுத்தான தாளை அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஓர் ஆலை அதை ஏற்றுக்கொண்டது. இன்னொன்று முத்திரையிட்ட அசல் இல்லாமல் பில்லைத் தொடவே மாட்டோம் என்கிறது.